ஆளுக்கு எவ்வளவு?

‘ஃப்ரெண்ட்ஸ், குமார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல கிஃப்ட் கொடுக்கலாம். ஆளுக்கு 1000. இன்னைக்குள்ள என் ஜிபே நம்பருக்குப் போட்டுடுங்க. போட்டவங்க கீழே லிஸ்ட்ல பேர் சேர்த்துடுங்க.’

இப்படி ஒரு செய்தியை வாட்ஸப்பில் பார்க்காதவர்கள் குறைவு. அனுப்பியவர் கெட்டவர் அல்ல. நண்பனுக்காகத் தன் நேரத்தைச் செலவழிக்க முன்வந்த ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் நடப்பதைப் பாருங்கள். முதல் ஆள் ‘1’ என்று போட்டுத் தன் பெயரை எழுதுகிறார். இரண்டாமவர் அதை நகல் எடுத்துக் கீழே தன் பெயரைச் சேர்க்கிறார். மாலைக்குள் பட்டியலில் ஏழு பெயர் ஏறிவிடுகிறது. அதன்பின் அந்தக் குழுவைத் திறக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் படுவது, அதில் இல்லாத பெயர்கள். மாதக் கடைசியில் மகனின் ஸ்கூல் ஃபீஸுக்குப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த 1000 ரூபாயைக் கடன் வாங்கியாவது அனுப்புகிறார். இன்னொருவர் குழுவைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார். விழா நாளில் ‘வேலை வந்துடுச்சு’ என்று வராமலும் இருந்துவிடுகிறார்.

பலரும் இதற்கு மருந்தாக நினைப்பது இனிய சொற்களை. ‘ப்ளீஸ்’ சேர்ப்பார்கள், கைகூப்பும் படம் போடுவார்கள், ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று தொடங்குவார்கள். நெருக்கடி அந்தச் சொற்களில் இல்லாததால் அது அப்படியேதான் இருக்கும். போடாவிட்டால் என்ன ஆகும், யாருக்கெல்லாம் தெரியும், பணம் குறைந்தால் யார் தலையில் விழும் என்ற மூன்று கேள்விகளுக்குச் செய்தியில் விடை இல்லாததுதான் நெருக்கடி. அந்த விடைகள் எழுதும்போது கிடைப்பவை அல்ல. எழுதுவதற்கு முன்பே, என்ன பரிசு, எத்தனை பேர், எந்தத் தேதி என்று திட்டமிடும் இடத்தில் பிறக்க வேண்டியவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த பத்தொன்பது பேர். அவர்களில் குமார் என்பவர் கடன் வாங்கி வீடு கட்டிவிட்டார். ஆவணி மாதத்தில் கிரகப்பிரவேசம், ஆகஸ்ட் 30. மீதிப் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஏதாவது வாங்கித் தர நினைக்கிறார்கள். பொறுப்பை எடுத்துக்கொள்பவர் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கமான கணக்கு பரிசிலிருந்து தொடங்கும். 9,000 ரூபாயில் ஒரு பொருளைப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்துவிட்டு அதைப் பதினெட்டால் வகுத்தால் ஆளுக்கு 500. அழகாக வருகிறது. ஆனால் பதினெட்டுப் பேரும் போட்டால்தான் அது சரியாக வரும். ஆறு பேர் போடாவிட்டால் 3,000 குறையும். அந்த 3,000 இப்போது மற்றப் பன்னிரண்டு பேரின் பிரச்சினை. ஆளுக்கு இன்னும் 250 கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மீனாட்சி தன் கையிலிருந்து போட வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் போடாத ஆறு பேரைத் துரத்த வேண்டும். பெரும்பாலும் நடப்பது மூன்றாவது. ‘உன்னால முடிஞ்சா போடு’ என்று எழுதியவரே நாலாம் நாள் ‘என்னாச்சு?’ என்று கேட்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். முதலில் எழுதியதும் பொய் இல்லை. அந்தக் கணக்குதான் அவரை அதைக் காப்பாற்ற விடவில்லை.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். சேரும் பணத்துக்குத் தகுந்த பரிசு என்று முடிவு செய்துவிட்டால், யார் போடாவிட்டாலும் எதுவும் உடையாது. இதற்கு ஒரு நல்ல வழி, கூட்டவும் குறைக்கவும் முடிகிற பொருளைத் தேர்ந்தெடுப்பது. மீனாட்சி குமாரின் மனைவியிடம் ரகசியமாகக் கேட்கிறார். வயரிங் எல்லாம் முடிந்துவிட்டது, மூன்று அறைகளுக்கு இன்னும் ஃபேன் வாங்கவில்லை என்று தெரிகிறது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும், வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு மாதாமாதம் உதவும். மூன்றுக்குப் பணம் சேர்ந்தால் மூன்று, இரண்டுக்குச் சேர்ந்தால் இரண்டு, ஒன்றுக்குத்தான் சேர்ந்தது என்றால் ஒன்று. ஒன்று கொடுத்தாலும் அது முழுமையான பரிசுதான். வாஷிங் மெஷின் அப்படி இல்லை, முக்கால் வாஷிங் மெஷின் என்று ஒன்று கிடையாது. பெரிய பொருள்தான் வேண்டும் என்றால், கையில் இன்னொரு சிறிய பொருளையும் தயாராக வைத்துக்கொண்டு, ‘இவ்வளவு சேர்ந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டியிருக்கிறது. ‘நான் வாங்கிட்டேன், நீங்க மெதுவா அனுப்புங்க’ என்று முன்கூட்டியே கைக்காசைப் போடுவது. பெருந்தன்மையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து மற்றப் பதினெழு பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்றிருந்தது பாக்கி என்று மாறிவிடுகிறது. பணம் வந்து சேர்ந்த பிறகு வாங்குவதே எல்லாருக்கும் நல்லது.

அடுத்து, எங்கே அனுப்புவது. பழைய கல்லூரிக் குழுவில் குமாரும் இருக்கிறார் என்பதை மறந்து அங்கேயே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. அதைத் தவிர்க்க, குமார் இல்லாமல் புதிதாக ஒரு குழு தொடங்குவார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்காமலே ஒரு வசூல் குழுவில் சேர்க்கப்பட்டவருக்கு வெளியேறவும் கூச்சம், உள்ளே இருக்கவும் கூச்சம். ஒருவர் ‘அனுப்பிட்டேன்’ என்றதும் அடுத்தடுத்து வரும் கட்டைவிரல் படங்களே ஒரு வருகைப்பதிவேடு போல ஆகிவிடும். சேருகிறீர்களா இல்லையா என்று வாட்ஸப்பில் வாக்கெடுப்பு வைப்பதும் உதவாது. யார் எதற்கு வாக்களித்தார் என்பது அங்கே பெயரோடு தெரியும்.

தனித்தனியாக அனுப்புவதுதான் சரி. பதினேழு பேருக்கு ஒரே செய்தியை நகல் எடுத்து ஒட்ட அதிக நேரம் ஆகாது. வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்ற வசதியும் இருக்கிறது. ஒருமுறை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், அவர்கள் எழுதும் பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே வரும். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேராது. அவர் பேசாமல் இருப்பதை ‘விருப்பமில்லை போல’ என்று நினைத்துவிடுவோம். விழாவுக்குப் பிறகு, ‘என்னை மட்டும் கேக்கவே இல்லையே’ என்று அவர் வருத்தப்படுவார். அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கலாம். விட்டுப்போனவர்களுக்குத் தனியாக அனுப்பிவிடலாம்.

நாளும் முக்கியம். மீனாட்சி ஆகஸ்ட் 4ஆம் தேதி அனுப்புகிறார். சம்பளம் வந்திருக்கும், தவணைகள் முழுதாகக் கையைக் கடிக்கும் முன். கடைசித் தேதி 14. பத்து நாள் அவகாசம், அதன்பின் ஃபேன் வாங்கவும் எலக்ட்ரீஷியனைப் பிடித்து மாட்டவும் இரண்டு வாரம். 25ஆம் தேதி அனுப்பி 28க்குள் கேட்டிருந்தால் அதே 300 ரூபாய் பலருக்கு வேறு எடை.

இனி அந்தச் செய்தி.

‘வணக்கம்ப்பா, மீனாட்சி. நம்ம குமார் வீட்டு கிரகப்பிரவேசம் 30ஆம் தேதி. நம்ம பேட்ச் சார்பா புது வீட்டுக்கு சீலிங் ஃபேன் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஒண்ணு 3,000 கிட்ட வருது. சேர்ற பணத்துக்குத் தக்க ஒண்ணோ ரெண்டோ மூணோ வாங்கிடுவேன். அதனால குறைஞ்சுதுன்னு யார்கிட்டயும் மறுபடி கேக்க மாட்டேன்.

சேரணும்னு இருந்தா 200, 300, 500, எது சௌகரியமோ அது. 14ஆம் தேதிக்குள்ள இந்த நம்பருக்கே ஜிபே பண்ணலாம், என் பேங்க் பேர்தான் காட்டும். குறிப்புல “குமார் வீடு”ன்னு போட்டா கணக்குக்கு வசதி. சந்தேகம்னா ஒரு போன் பண்ணிட்டு அனுப்புங்க.

இந்த முறை வேண்டாம்னா பதில்கூடப் போட வேண்டாம், நான் புரிஞ்சுக்குவேன். யார் எவ்வளவு, யார் சேரலைங்கறது என்னோட இருக்கும். வாழ்த்து அட்டையில “நம்ம பேட்ச்”னு மட்டும்தான் எழுதப் போறேன். 12ஆம் தேதி எல்லாருக்கும் ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துவேன், அவ்வளவுதான். குமாருக்குத் தெரியாது, குரூப்ல போட்டுடாதீங்க.’

கொஞ்சம் நீளம்தான். ஆனால் படிப்பவருக்கு எழக்கூடிய கேள்விகளுக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடும், பின்னால் பத்துச் செய்தி மிச்சம்.

தொகையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ‘உங்களால் முடிந்ததை’ என்று மட்டும் எழுதுவது கனிவாகத் தோன்றும். பெறுபவருக்கு அதுவே தலைவலி. 100 அனுப்பினால் கேவலமா, 2,000 அனுப்பினால் மற்றவர்களைச் சங்கடப்படுத்துமா என்று தெரியாமல் இன்னொரு நண்பருக்குப் போன் போட்டு, ‘நீ எவ்வளவு?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிட்டால் ரகசியம் போச்சு. ஆகவே எண் வேண்டும். ஆனால் ஒரே எண்ணாக இருந்தால் அது கட்டணம். மூன்று எண்களைச் சிறியதிலிருந்து எழுதினால், சிறியதும் இங்கே மதிப்புள்ளதுதான் என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது. தாராளமாகக் கொடுக்க நினைப்பவர் எப்படியும் கொடுப்பார், அவருக்கு அழைப்பு தேவையில்லை.

செய்தியிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ‘வேண்டாம்னா பதில்கூடப் போட வேண்டாம்’ என்ற வரி. நம்மில் பலருக்குப் பணம் கொடுப்பதைவிடக் கடினமானது ‘இல்லை’ என்று எழுதுவது. எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். ‘வர்றவங்க வராதவங்க ரெண்டு பேரும் சொல்லிடுங்க’ என்று கேட்கும்போது, ஒழுங்காகக் கணக்கு வைக்கத்தான் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் இல்லாதவரிடம் போய் ‘இல்லை என்று வாயால் சொல்’ என்கிறோம். மௌனத்தையே பதிலாக ஏற்றுக்கொள்வதாக முன்கூட்டி எழுதிவிட்டால் அந்த வேதனை முழுதும் தீர்ந்துவிடும். சேரும் பணத்துக்குத் தக்க பரிசு என்று முன்பே தீர்மானித்திருப்பதால் கணக்கும் கெடாது.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு பாரம் இருக்கிறது. மொய் எழுதி வளர்ந்தவர்கள் நாம். புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் யார் எவ்வளவு என்பது நோட்டில் ஏறும், அது ஒருநாள் திரும்பிப் போக வேண்டிய பணம். அங்கே பெயரும் தொகையும் எழுதப்படுவதற்கு நியாயம் உண்டு, அதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். நண்பர்கள் சேர்ந்து வாங்கும் பரிசில் திரும்பிப் போக வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் நோட்டைத் திறந்துவிடுகிறது. பட்டியல் போடுகிறோம், தொகையை எதிரில் எழுதுகிறோம், அதைப் படம் எடுத்துக் குழுவில் வெளியிட்டு ‘வெளிப்படைத்தன்மை’ என்கிறோம். கணக்கில் வெளிப்படையாக இருக்க மொத்த வரவும் மொத்தச் செலவும் போதும். அட்டையில் தனித்தனிப் பெயர் எழுதாமல் ‘நம்ம பேட்ச்’ என்று எழுதினால், கொடுக்க முடியாதவரும் அந்தப் பரிசுக்குள் இருக்கிறார். ‘பணம் போட்டவனுக்கு என்ன மரியாதை?’ என்று யாராவது கேட்கலாம். அவருக்குத் தன் பெயரோடு தனியாக மொய்க் கவர் வைக்கத் தடையே இல்லை.

‘ஒரு போன் பண்ணிட்டு அனுப்புங்க’ என்ற வரிக்கு வேறு காரணம். நண்பரின் வாட்ஸப்பைக் கைப்பற்றி அவர் பெயரில் பணம் கேட்கும் மோசடி இன்று சாதாரணமாகிவிட்டது. அந்தச் செய்திகளில் அவசரம் இருக்கும், புது எண் இருக்கும், விவரம் இருக்காது. ‘இன்னைக்குள்ள போட்டுடுங்க’ என்று எழுதும் உண்மையான நண்பரின் செய்தியும் அதே சாயலில் இருப்பதால் எச்சரிக்கையான ஆள் தயங்குவார். வங்கியில் பதிவான பெயர் பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் என்பதால் அதைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. கணவர் எண்ணுக்கோ தம்பி எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அந்தப் பெயரை முன்பே சொல்லிவிட வேண்டும்.

முன்பு யு.பி.ஐ. செயலிகளில், ஒருவரிடம் தொகையைக் குறிப்பிட்டு ‘பணம் தா’ என்று கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. பெறுபவரின் திரையில் 500 என்று வந்து நிற்கும், சம்மதி அல்லது மறு. மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தியதால் தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. நண்பர்களுக்கும் அது நல்லதே. கடன்காரர் கதவைத் தட்டுவது போன்ற அந்தத் திரையைவிட, அவரவர் நேரத்தில் அவரவர் தொகையைத் தட்டச்சு செய்து அனுப்புவது எவ்வளவோ மேல். க்யூஆர் குறியீடு அனுப்புவதாக இருந்தாலும் தொகை நிரப்பாத குறியீட்டையே அனுப்ப வேண்டும்.

12ஆம் தேதி வருகிறது. இங்கேதான் பலர் நல்ல தொடக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போடாதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து நினைவூட்டுவார்கள். நீலக் குறி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்தும் பதில் போடவில்லையே என்று மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். நினைவூட்டல் பதினேழு பேருக்கும் ஒரே மாதிரிப் போக வேண்டும், பணம் அனுப்பியவர்களுக்கும் சேர்த்து. ‘குமார் வீட்டு ஃபேன் விஷயமா ஒரு ஞாபகம், 14ஆம் தேதி மாலை கணக்கை முடிச்சு ஆர்டர் போடறேன். ஏற்கெனவே அனுப்பினவங்களும், இந்த முறை வேண்டாம்னு விட்டவங்களும் இதைக் கண்டுக்க வேண்டாம்.’ இவ்வளவே. ‘இதுவரை இவ்வளவுதான் வந்திருக்கு’ என்று எழுத ஆசை வரும். எழுதக்கூடாது. குறைவு என்று காட்டுவது கெஞ்சல், நிறைய என்று காட்டுவது போட்டி.

14ஆம் தேதி மாலைக் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைப்போம். ஆறு பேர் 500, இரண்டு பேர் 1,000, ஒருவர் 300, ஒருவர் 200, மொய்ப் பழக்கம் விடாத ஒருவர் 501. மொத்தம் பதினொரு பேர், 6,001 ரூபாய். ஏழு பேரிடமிருந்து பேச்சே இல்லை. வகுத்தல் கணக்காக இருந்திருந்தால் இது தோல்வி, 2,999 ரூபாய் பள்ளம். இங்கே அப்படி எதுவும் இல்லை. கடையில் பேசியதில் ஃபேன் ஒன்று 2,950க்கு முடிகிறது. இரண்டு ஃபேன் 5,900. மீதி 101 ரூபாயைத் தானே வைத்துக்கொள்ளாமல், அடுத்த விசேஷத்துக்கு என்று ஒதுக்கியும் வைக்காமல், வாழ்த்து அட்டையோடு ஒரு கவரில் போட்டுவிடலாம். அடுத்ததற்கு என்று ஒதுக்கும் பணம் சிறியதாக இருந்தாலும் சில மாதங்களில் ஒரு குட்டி நிதியாகி, அதற்குப் பொருளாளரும் கேள்விகளும் தேவைப்படும்.

வாங்கியதும் கடைசிச் செய்தி ஒன்று போக வேண்டும். இதையும் பதினேழு பேருக்கும் அனுப்ப வேண்டும். ‘வரவு 6,001. ரெண்டு ஃபேன் 5,900, பில் படம் கீழே. மீதி 101 கவர்ல வெச்சிருக்கேன். 30ஆம் தேதி காலைல எல்லாரும் வந்துடுங்க, ஃபேன் நம்ம எல்லாரோடதும்தான்.’ பில்லின் படம் இல்லாத இடத்தில், யாரும் கேட்காத சந்தேகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை அதே ஆள் கேட்கும்போது அது பணத்தைக் குறைக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் பெரும்பாலும் ஒரு போன் வரும். 20ஆம் தேதி வாக்கில், பேசாமல் இருந்த ஏழு பேரில் ஒருவர். ‘இப்பதான் கைல வந்துச்சு, அனுப்பட்டுமா?’ வாங்கிக்கொள்ளலாமா என்றால், வேண்டாம் என்பதே என் எண்ணம். வாங்கினால் மறுபடி கணக்கைத் திறக்க வேண்டும், அவரும் தாமதமாகச் செலுத்தியவர் ஆகிவிடுவார். ‘அது முடிஞ்சுதுப்பா, உன் பேரும் அதுல இருக்கு. 30ஆம் தேதி கொஞ்சம் சீக்கிரம் வா, ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் கூட நிக்க ஆள் வேணும்.’